பைக் ஸ்பேர் பார்ட்ஸ் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? பார்ட் நம்பரை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

"அண்ணே, ஒரிஜினல்தானே போட்டீங்க?"

"கம்பெனி ஐட்டம்தான் தம்பி, தைரியமா ஓட்டு."

சர்வீஸ் முடிந்து பைக்கை எடுக்கும்போது பெரும்பாலும் பேச்சு இதோடு முடிந்துவிடும். கழற்றிய பழைய பார்ட் எங்கே, புதுசு வந்த டப்பா எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வண்டிக்குள் போன பிறகு பிரேக் பேடைப் பார்த்து ஒரிஜினலா இல்லையா என்று சொல்வது கஷ்டம். அதனால் சோதிக்க வேண்டிய நேரம் பார்ட் டப்பாவுக்குள் இருக்கும்போதுதான். அப்போது எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதை இந்தத் தொகுப்பில் பார்ப்போம்.

ஆஃப்டர் மார்க்கெட் என்றாலே டூப்ளிகேட்டா?

இல்லை. இங்கேதான் பலருக்கும் குழப்பம். கடையில் கிடைக்கும் ஸ்பேர் பார்ட்ஸை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வண்டி கம்பெனி தன் பெயரில், தன் டப்பாவில் விற்பது. இதைத்தான் ஜெனியூன் பார்ட் என்கிறோம். இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். வண்டி கம்பெனி எல்லா பார்ட்டையும் தானே தயாரிப்பதில்லை. செயின், பிரேக், லைட், பிளக் எல்லாம் வேறு வேறு நிறுவனங்களிடம் இருந்து வருகின்றன.

இரண்டாவது, பார்ட் தயாரிக்கும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ரோலான் செயின் நல்ல உதாரணம். இந்த நிறுவனம் வண்டி கம்பெனிகளுக்கும் செயின் கொடுக்கிறது; ரோலான் என்ற பெயரில் கடைகளிலும் விற்கிறது. ரோலான் டப்பாவில் வருவது ஆஃப்டர் மார்க்கெட் பார்ட். ஆனால் அது போலி இல்லை. யார் செய்தது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கிறார்கள், பிரச்சினை என்றால் போய்க் கேட்க ஆள் இருக்கிறது. பெயரே கேள்விப்படாத லோக்கல் பிராண்டுகளும் இந்த வகையில்தான் வரும். அவற்றின் தரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அவை யாருடைய பெயரையும் திருடவில்லை.

மூன்றாவதுதான் டூப்ளிகேட். வண்டி கம்பெனியின் பெயரையும் லோகோவையும் அப்படியே அச்சடித்து, உள்ளே ஏதோ ஒன்றைப் போட்டு விற்பது. ரோலான் மாதிரி பெயர் பெற்ற ஆஃப்டர் மார்க்கெட் பிராண்டுகளுக்கும் டூப்ளிகேட் வரும்.

டப்பாவில் "suitable for" என்று சின்ன எழுத்தில் போட்டு, பக்கத்தில் வண்டி கம்பெனியின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தால் அது இரண்டாவது வகை. அந்த வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்வதற்காக இன்னொரு கம்பெனியின் பெயரைக் குறிப்பிடுவதை வர்த்தகக் குறிச் சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே அது குற்றமில்லை. ஆனால் "இது கம்பெனி ஐட்டம்" என்று சொல்லி அதை விற்றால், அது பொய்.

பார்ட் நம்பரை எப்படிப் படிப்பது?

கடைக்குப் போய் "யூனிகார்னுக்கு பிரேக் பேட் குடுங்க" என்று கேட்டால், எந்த வருஷ மாடல், எந்த வேரியண்ட் என்பதெல்லாம் கடைக்காரரின் ஊகத்துக்குப் போய்விடும். பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்டால் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. அந்த நம்பர் ஏதோ தற்செயலாக வந்த எண் இல்லை, அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

ஹோண்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் நம்பர் மூன்று துண்டாக இருக்கும். முதல் 5 இலக்கம் அது என்ன பார்ட் என்பதைச் சொல்லும். 06455 என்று ஆரம்பித்தால் முன் டிஸ்க் பிரேக்கின் பேட் செட். 17210 என்றால் ஏர் ஃபில்டர். 22870 என்றால் கிளட்ச் கேபிள். நடுவில் வரும் 3 எழுத்து எந்த மாடலுக்காக முதலில் அந்த பார்ட் வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். கடைசித் துண்டு அதன் வகை, திருத்தம். பெயின்ட் அடித்த பார்ட் என்றால் அதற்கும் பின்னால் ZA, ZB என்று நிறத்துக்கான எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

நடு எழுத்து உங்கள் வண்டியின் மாடலோடு ஒத்துப்போகவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஒரு மாடலுக்குச் செய்த பார்ட்டை அடுத்து வந்த நாலைந்து மாடல்களுக்கும் பயன்படுத்துவது வழக்கம்தான்.

ஹீரோ வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பழக்கமாகத் தெரியும். 2010 வரை ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டாளிகளாக இருந்ததால், ஹீரோவின் நிறைய பார்ட் நம்பர்கள் இன்றும் இதே அமைப்பில்தான் இருக்கின்றன. நடுவில் கோடு இல்லாமல் சேர்த்து எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

யமஹாவில் வரிசை தலைகீழ். முதல் 3 எழுத்து மாடல். அடுத்த 5 இலக்கம் பார்ட்டின் வகை: 13440 என்றால் ஆயில் ஃபில்டர், 14451 என்றால் ஏர் ஃபில்டர். அதற்கு அடுத்த 2 இலக்கம் திருத்தம். டிவிஎஸ், பஜாஜ், ராயல் என்ஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் தனி முறை இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வண்டிக்கு அடிக்கடி மாற்றும் நாலு பார்ட்டின் நம்பரை போனில் சேமித்து வைத்தாலே போதும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பார்ட் நம்பர் ரகசியம் இல்லை. டூப்ளிகேட் அடிப்பவரும் கேட்டலாக்கைப் பார்த்து அதே நம்பரைத்தான் அச்சடிப்பார். ஆகவே நம்பர் சரியாக இருந்தால் "இது நமக்கு வேண்டிய பார்ட்டின் டப்பா" என்று மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பது அசல் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் நம்பர் தப்பாக இருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். டப்பாவில் பிரேக் பேட் என்று எழுதியிருக்கிறது, நம்பரோ 17210 என்று ஆரம்பிக்கிறது என்றால், லேபிளை அச்சடித்தவருக்கு அந்த நம்பரின் அர்த்தம் தெரியவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு பிரேக் பேட் வாங்கிப் பார்ப்போம்

உங்கள் 150 சிசி பைக்குக்கு முன் பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் "பேட் வாங்கிட்டு வந்துடுங்க, மாட்டித் தர்றேன்" என்கிறார்.

முதல் வேலை, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுப்பது. 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். முதல் 3 எழுத்து தயாரிப்பாளரைக் குறிக்கும். ஹீரோவுக்கு MBL, ஹோண்டாவுக்கு ME4, டிவிஎஸ்ஸுக்கு MD6, பஜாஜுக்கு MD2, ராயல் என்ஃபீல்டுக்கு ME3. இதில் I, O, Q ஆகிய மூன்று எழுத்துகளும் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவதைப் பூஜ்யம் என்றே படியுங்கள்.

அடுத்து, கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு பார்ட்ஸ் கவுன்ட்டரைக் கேளுங்கள். சேசிஸ் நம்பரைச் சொன்னால் அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்து பார்ட் நம்பரையும் எம்.ஆர்.பி.யையும் சொல்வார்கள். "இந்த நம்பர் மாறியிருக்கா, பழைய நம்பர் என்ன?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கம்பெனி ஒரு பார்ட்டைத் திருத்தி வெளியிடும்போது பழைய நம்பருக்குப் பதிலாகப் புது நம்பர் வரும். கடையில் பழைய சரக்கு இருந்தால் நம்பர் வேறாக இருக்கும், ஆனால் அது அசலாகவே இருக்கலாம். இது தெரியாமல் நல்ல கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

அவர்கள் சொன்ன எம்.ஆர்.பி. 590 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பக்கத்துத் தெரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போகிறீர்கள். நம்பரைக் காட்டியதும் ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "590 ரூவா போட்டிருக்கு, நீங்க 320 குடுங்க சார்" என்கிறார். நீங்கள் நிதானிக்க வேண்டியது இங்கேதான். ஜெனியூன் பார்ட்டில் சில்லறைக் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபத்தில் இருந்துதான் அவர் தள்ளுபடி தர முடியும். ஐந்து, பத்து சதவீதம் குறைப்பது நடக்கிற விஷயம். கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கொடுக்கிறார் என்றால் அவர் வாங்கியதே அதைவிடக் குறைந்த விலைக்கு. அந்தச் சரக்கு கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முழு எம்.ஆர்.பி. கேட்டார் என்பதால் அசல் என்று ஆகிவிடாது. டூப்ளிகேட்டை முழு விலைக்கு விற்பதில்தான் லாபம் அதிகம்.

டப்பாவில் என்ன பார்க்கணும்?

ஹோலோகிராம் மின்னுகிறதா என்றுதான் பலரும் முதலில் பார்ப்பார்கள். அதை நம்பி மட்டும் முடிவு செய்ய வேண்டாம். மின்னுகிற ஸ்டிக்கரை யாரும் அச்சடித்துவிடலாம். நான் முதலில் பார்க்கச் சொல்வது லேபிளில் இருக்கும் சாதாரண எழுத்துகளை.

2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் சில விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். தயாரித்தவர் அல்லது அடைத்தவரின் பெயர், முழு முகவரி, பொருளின் பெயர், எத்தனை எண்ணிக்கை, மாதமும் வருடமும், எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகார் சொல்ல போன் நம்பர், மின்னஞ்சல். வெளிநாட்டில் இருந்து வந்தது என்றால் இறக்குமதி செய்தவர் யார், எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும்.

டூப்ளிகேட் அடிப்பவர்கள் லோகோவை அழகாகக் காப்பி அடிப்பார்கள். கோட்டை விடுவது இந்தச் சின்ன எழுத்துகளில்தான். முகவரியில் பின்கோடு இருக்காது, "Genuine" என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும், மாதமும் வருடமும் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஹீரோ ஹோண்டா என்ற கம்பெனி 2011-ல் ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறிவிட்டது. டப்பாவில் இந்த வருஷத் தேதி, ஆனால் கம்பெனி பெயர் பழைய ஹீரோ ஹோண்டா என்றால் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

விலை ஸ்டிக்கரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அச்சடித்த எம்.ஆர்.பி.யை விடக் குறைந்த விலையை ஸ்டிக்கராக ஒட்டலாம், ஆனால் பழைய விலையை மறைக்கக் கூடாது என்பது விதி. 2025 செப்டம்பர் 22-ம் தேதி வாகன உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. அப்போது கையில் இருந்த பழைய சரக்கில் புது விலை ஸ்டிக்கர் ஒட்ட அரசு அனுமதித்தது. நாம் எடுத்துக்கொண்ட பேடையே பாருங்கள். வரி இல்லாமல் 500 ரூபாய் என்றால் 28 சதவீத வரியோடு 640, 18 சதவீதத்தில் 590. அச்சில் 640, பக்கத்தில் ஸ்டிக்கரில் 590 என்று இருந்தால் அதில் தப்பில்லை. அச்சில் 590, அதன்மேல் மூடி ஒட்டிய ஸ்டிக்கரில் 690 என்று இருந்தால் அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

க்யூஆர் கோடு ஸ்கேன் ஆச்சு, அப்போ ஒரிஜினல்தானே?

அவசரப்பட வேண்டாம். டப்பாவில் இருக்கும் கோடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பார்ட் நம்பரை மட்டும் சொல்லும் பார்கோடு. இது எல்லா டப்பாவிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஸ்கேன் செய்தால் நம்பர் வரும். இதை வைத்து அசலா என்று சொல்ல முடியாது. மற்றொன்று ஒவ்வொரு டப்பாவுக்கும் தனித்தனியாகத் தரும் சீரியல் கோடு. சிலவற்றை சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இது எல்லா கம்பெனியிலும், எல்லா பார்ட்டிலும் இருக்காது.

தனிக் கோடு என்றால் எளிதான ஒரு சோதனை இருக்கிறது. அதே பார்ட்டில் இன்னொரு டப்பாவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டின் சீரியலும் ஒன்றேதான் என்றால் ஒரே அசல் டப்பாவைப் பார்த்து நூற்றுக்கணக்கில் அச்சடித்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்யும்போது "ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது" என்று வந்தாலும் அதே சந்தேகம்தான். அப்புறம், ஸ்கேன் செய்ததும் திறக்கும் இணையதள முகவரியைப் படியுங்கள். கம்பெனியின் சொந்த முகவரியா, இல்லை அதைப் போலவே எழுதிய வேறொன்றா? போலி கோடு போலி பக்கத்துக்குப் போய், பச்சை டிக் போட்டு "Genuine" என்று காட்டினால் நமக்குத் தெரியவா போகிறது?

டப்பா சரி. உள்ளே?

காலி டப்பாவுக்கும் மவுசு உண்டு. அசல் டப்பாவில் டூப்ளிகேட்டைப் போட்டு விற்றால் மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் மாட்டாது. அதனால் சீல் பிரிக்காததா என்று பாருங்கள், கடையிலேயே பிரித்து உள்ளே இருப்பதையும் பாருங்கள்.

கழற்றிய பழைய பேடைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அது வண்டியோடு வந்ததாக இருந்தால் அதைவிட நல்ல மாதிரி வேறில்லை. பின்பக்க இரும்புத் தகட்டின் வடிவம், ஓட்டைகள், ஓரங்கள், அதில் பொறித்த எழுத்துகளை இரண்டிலும் ஒப்பிடுங்கள். அசலில் ஓரங்கள் வழவழப்பாக வெட்டியிருக்கும், பொறித்த எழுத்து தெளிவாக இருக்கும். தகட்டுக்கும் உராயும் பொருளுக்கும் நடுவில் கோடு மாதிரி இடைவெளி தெரிந்தால் வாங்கவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்? பிரேக் பேடில் உராயும் பொருள் இரும்புத் தகட்டின் மேல் ஒட்ட வைக்கப்பட்டது. டிரம் பிரேக் ஷூவும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது ஏறும் சூட்டில் அந்த ஒட்டு விட்டுப்போனால், ஷூவில் இருந்து கழன்ற துண்டு டிரம்முக்குள் சிக்கி சக்கரத்தையே பூட்டிவிடலாம். பேடில் கழன்றால் வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கில் தேய்க்கும், பிரேக் பிடிக்காது, டிஸ்க்கும் கீறிப் போகும். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் டிஸ்க்கையே மாற்ற வேண்டிவரும். அதுவும் கீழே விழாமல் தப்பித்திருந்தால்.

புது பேட் போட்டதும் முதல் சில நாள் பிரேக் கொஞ்சம் மந்தமாக இருப்பது அசலிலும் நடக்கும். டிஸ்க்கோடு உராய்ந்து படிய நேரம் எடுக்கும். அதை வைத்து டூப்ளிகேட் என்று முடிவு கட்ட வேண்டாம். படிந்த பிறகும் லீவரை அழுத்திப் பிடித்தால்தான் நிற்கிறது, சூடேறினால் பிடி குறைகிறது, விடாமல் கீச் சத்தம் வருகிறது என்றால் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

மற்ற பார்ட்டுகளுக்கும் இப்படி ஒவ்வொரு அடையாளம் இருக்கிறது. என்ஜிகே ஸ்பார்க் பிளக்கில் மரையின் மேல் இருக்கும் வாஷரைச் சுழற்றிப் பாருங்கள். அசலில் அது எளிதில் கழன்று வராது, போலிகளில் கையாலேயே கழற்றிவிடலாம். சில ஸ்கூட்டர்களின் ஏர் ஃபில்டர் காகிதம் எண்ணெயில் தோய்த்தது, தொட்டால் பிசுபிசுப்பு தெரியும். அந்த இடத்தில் காய்ந்த காகிதம் இருந்தால் சந்தேகம்தான். (அந்த எண்ணெய் ஃபில்டரை ஏர் அடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது, ஆனால் நிறைய இடத்தில் அடிக்கிறார்கள்.) பிளாஸ்டிக், வார்ப்பு பார்ட்டுகளில் பல நேரம் பார்ட் நம்பரின் நடு எழுத்துகள் உள்பக்கம் அச்சில் பதிந்திருக்கும். டப்பாவில் இருப்பதோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எங்கே வாங்குவது?

ஷோரூம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுன்ட்டர்தான் பாதுகாப்பானது. வண்டியை அங்கே சர்வீஸுக்கு விடாதவர்களும் கவுன்ட்டரில் பார்ட் மட்டும் வாங்கலாம் என்பது நிறைய பேருக்குத் தெரியவில்லை.

அதற்காக வெளிக்கடை எல்லாம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிகள் ஷோரூமுக்கு வெளியே பார்ட்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் நியமிக்கின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான இடங்களில் இருக்கும் கடைகளோ, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையோ அவர்களிடம் வாங்கி அசலையே விற்கலாம். கடை வாசலில் கம்பெனி போர்டு இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அந்த போர்டை எந்த பெயின்டரும் எழுதித் தருவார். கம்பெனியின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஊர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் தளத்தின் பெயரை விட விற்பவரின் பெயர் முக்கியம். பெரிய தளத்தில் இருந்தாலும் பொருளை விற்பது யாரோ ஒரு தனி வியாபாரியாக இருக்கலாம். தலைப்பில் "for", "compatible with" என்ற வார்த்தைகள் இருந்தால் அது ஆஃப்டர் மார்க்கெட். படத்தில் பார்ட் நம்பர் தெரியும்படி லேபிள் இல்லை என்றால் விட்டுவிடுவதே மேல். வந்த பார்சலைப் பிரிப்பதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

மெக்கானிக்கே பார்ட் வாங்கிப் போடுகிறார் என்றால், வேலைக்கு விடும்போதே "அண்ணே, பழைய பார்ட்டையும் புது டப்பாவையும் எடுத்து வைங்க" என்று சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் "குப்பைக்குப் போயிடுச்சே" என்பதுதான் பதிலாக இருக்கும். முன்கூட்டியே சொன்னால் நல்ல மெக்கானிக் யாரும் கோபப்பட மாட்டார். எல்லா டூப்ளிகேட்டும் மெக்கானிக்கின் தப்பு என்றும் நினைக்க வேண்டாம், கடைக்காரர் அவரையும் ஏமாற்றியிருக்கலாம்.

பில் இல்லாமல் எதுவும் நடக்காது

"பில் வேணும்னா ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா ஆகும்" என்று கடைக்காரர் சொன்னால், எம்.ஆர்.பி.யிலேயே எல்லா வரியும் அடக்கம் என்று சொல்லுங்கள். பில்லில் "பிரேக் பேட் - 1" என்று மட்டும் இருந்தால் பிற்பாடு உதவாது. பிராண்ட் பெயர், பார்ட் நம்பர் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். டூப்ளிகேட் விற்பவர் பார்ட் நம்பரோடு பில் போடத் தயங்குவார், அதுவே ஒரு சோதனை. பில்லில் இருக்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை gst.gov.in தளத்தில் தேடினால் கடையின் பெயர் வரும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அந்த எண் 33 என்று ஆரம்பிக்கும், புதுச்சேரிக்கு 34.

வாங்கிய பிறகு டூப்ளிகேட் என்று தெரிந்தால் வண்டியில் மாட்டாமல் அப்படியே வையுங்கள். டப்பாவின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, பில்லோடு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிக் கேளுங்கள். அசலா இல்லையா என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டால் அடுத்தது சுலபம். முதலில் கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. லேபிளில் கட்டாய விவரங்கள் இல்லை, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்கள் என்றால் அது தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்கள் பார்க்கும் விஷயம்.

போலி வர்த்தகக் குறியோடு பொருள் விற்பதற்கு வர்த்தகக் குறிச் சட்டத்தில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. போலிப் பொருளால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்பட்டால் 7 ஆண்டு வரை சிறை. உயிரே போய்விட்டால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. விபத்துக்குப் பிறகு பார்ட்டையும் டப்பாவையும் பில்லையும் வைத்திருந்தால்தான் இதெல்லாம் பேச முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இன்னொரு சிக்கல். வெளி பார்ட்டால் வந்த கோளாறு என்று சர்வீஸ் சென்டர் கண்டுபிடித்தால், அந்தப் பழுதுக்கு வாரண்டியை மறுக்க முடியும். அசலைத்தான் போட்டீர்கள் என்று காட்ட உங்களிடம் இருப்பது பார்ட் நம்பர் எழுதிய பில் மட்டும்தான்.

எல்லாம் சரியாக இருந்து பார்ட்டை மாட்டியாச்சு என்றால், டப்பாவை உடனே தூக்கி எறிய வேண்டாம். பார்ட் நன்றாக வேலை செய்கிறது என்று தெரியும் வரை வீட்டில் வையுங்கள். அப்புறம் குப்பையில் போடும்போது லேபிளும் க்யூஆர் கோடும் இருக்கும் பக்கத்தைக் குறுக்காகக் கிழித்துவிட்டுப் போடுங்கள். முழு டப்பாவாகப் போனால், அது வேறு யாருடைய கையிலாவது மறுபடியும் "கம்பெனி ஐட்டம்" ஆகிவிடும்.